ஏ மேஜருக்கு மூன்று ஷார்ப்

கீபோர்டு கொளஞ்சியப்பனுக்கு எல்லாச் சுருதியும் தெரியும்; ஸி சுருதியைத் தவிர வேறெதிலும் வாசிக்கத் தெரியாது. இதில் ஒரு கோளாறு இருப்பதாக இருபது வருஷமாக யாருக்கும் தோன்றவில்லை, அவருக்கும்தான். மேடையில் பாடகி திரும்பி "மாஸ்டர், மூணு கட்டை" என்பாள். கொளஞ்சி கீபோர்டின் இடது ஓரத்தில் இருக்கும் சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை, தட்டுக்கு அரைப்படியாக நாலு தட்டு தட்டிவிட்டு, எப்போதும்போல ஸியிலிருந்தே வாசிக்க ஆரம்பிப்பார். கருவி அதை மூணு கட்டையான ஈ சுருதிக்கு மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். ரிஷிவந்தியத்துத் திருவிழா, கச்சிராயபாளையத்துக் காதுகுத்து, கல்வராயன் மலைமேல் கல்யாணம் என்று எங்கே போனாலும் ஜனங்கள் ரசித்தார்கள். கருப்புக் கட்டைகள் மட்டும் புதிதுபோல் இருந்தன.

ஊரெல்லாம் அவர் வாசிப்பில் தூங்காமல் கிடந்தது. அவரோ பகலில் தூங்கினார். கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்குப் பாட்டு வாத்தியார் தேவை என்று கேள்விப்பட்டதும், வீட்டில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த செந்தமிழ்ச்செல்வி சொன்னாள்:

"போய்ட்டு வாங்க. ஆறு மணிக்கு வூட்டுக்கு வர்ற புருஷன் எப்படி இருப்பான்னு நானும் ஒருதபா பாத்துக்கிறேன்."

அவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் அந்த வேலைக்கு ஒரு நிபந்தனை உண்டு. பிள்ளைகள் தாளில் எழுதும் பயிற்சியைத் திருத்தத் தெரியவேண்டும். கொளஞ்சி தாளைப் பார்த்து வாசித்ததே இல்லை.

ஆகையால் அவர் ஜெபீனாவிடம் போனார். முன்பு இவரிடம் மூன்று மாசம் கற்றுக்கொண்டு, "இவர் கிட்ட இனிமே கத்துக்க ஒண்ணும் இல்ல" என்று சரியாகவே முடிவுசெய்து, சென்னைக்குப் போய் கிரேடு பரீட்சை எல்லாம் முடித்தவள். இப்போது அப்பா முகம்மது கவுஸின் செருப்புக்கடை மாடியில் கம்ப்யூட்டர் வழியாக வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள்.

"ஈ மேஜர் ஸ்கேல் எழுதுங்க மாஸ்டர். கீ சிக்னேச்சரோட" என்றாள்.

கொளஞ்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஐந்து கோட்டில் ஸி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி, ஸி என்று எட்டு முட்டை வரைந்தார். பக்கத்தில் '+4' என்று அழகாக எழுதினார்.

"இன்னா மாஸ்டர் இது?"

"ஈ மேஜரு."

"இது ஸி மேஜர்."

"பக்கத்துல பாரும்மா. பிளஸ் நாலு போட்டுக்கிறேன் இல்ல?"

ஜெபீனா சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு சொன்னாள்: "பேப்பர்ல பட்டன் கெடையாது மாஸ்டர். வரி ஆரம்பத்துல கீ சிக்னேச்சர் போடுவோம். ஈ மேஜருக்கு நாலு ஷார்ப்பு. எஃப், ஸி, ஜி, டி, இந்த வரிசையிலதான் போடணும். ஒருதபா போட்டா வரி முழுக்க அந்த சுரமெல்லாம் அரைப்படி ஏறிடும்."

கொளஞ்சியின் முகம் மலர்ந்தது. "அட, அதுவும் பட்டன்தான்னு சொல்லு!"

'+4'ஐ அழித்தார். நாலு ஷார்ப்பை முன்னால் போட்டார். முட்டைகளைத் தொடவில்லை, ஸியில் ஆரம்பித்து ஸியிலேயே நின்றன.

"எழுதினது எழுதினபடி வாசிங்க" என்றாள் ஜெபீனா.

வாசித்தார். ஸி ஷார்ப், டி ஷார்ப், ஈ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ, பி, மறுபடி ஸி ஷார்ப். மேஜர் ஸ்கேல் என்றால் நம்மூர்ச் சங்கராபரணம்; அது வரவேண்டிய இடத்தில் நடபைரவி வந்தது. மைனர் ஸ்கேல் முழுசாக, மூக்கைச் சிந்திக்கொண்டு.

கீழே கடையிலிருந்து கவுஸின் குரல் கேட்டது: "மேல யாரு எழவு வூட்டுக்கு வாசிக்கிறது? இங்க மாப்ள செருப்பு எடுக்க வந்துகீறாங்க!"

"பட்டன் உங்கள தூக்கிகினு போய் ஈயில வுடும் மாஸ்டர். சிக்னேச்சர் வுடாது. நீங்களேதான் நடந்து போய் ஈயில காலு வெக்கணும்" என்றாள் ஜெபீனா. "அங்கருந்து முழு, முழு, அரை. அப்புறம் முழு, முழு, முழு, அரை. எந்த மேஜரா இருந்தாலும் இதே நடைதான்."

அன்றிலிருந்து கொளஞ்சி டீக்கடையிலும் பஸ்ஸிலும் 'முழு முழு அரை' என்று முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார். முழு பிளேட், அரை பிளேட் என்று இட்லியைத்தான் கேட்கிறாரோ என்று ஒரு சர்வர் குழம்பியதாகத் தகவல்.

நேர்முகத் தேர்வு பள்ளியின் இசை அறையிலேயே நடந்தது. முதல்வர் சந்தியா மேடம் ஒரு தாளை நீட்டினார். ஏழாம் வகுப்புப் பெண் எழுதிய ஏ மேஜர் ஸ்கேல்.

"திருத்துங்க சார். வாத்தியம் தொடாம."

கொளஞ்சி பார்த்தார். ஏயில் ஆரம்பித்து ஏயில் முடிகிறது. நடுவில் எந்த எழுத்தும் விட்டுப்போகவில்லை, இரண்டு தடவையும் வரவில்லை. மூன்றாவது சுரத்துக்கும் நாலாவதுக்கும் நடுவில் 'இங்கே அரைப்படி' என்று காட்டும் பென்சில் வளைவு. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் இன்னொன்று. முன்னால் ஷார்ப் மூன்று. ஏ மேஜருக்கு மூன்றேதான். டிக் போடப் பேனா இறங்கியது.

இறங்கிய பேனா பாதியில் நின்றது. அவருக்குச் சந்தேகமெல்லாம் கிடையாது, பழக்கம்தான்: எதையும் காதில் கேட்காமல் சரி என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. உதட்டுக்குள் பாடிப் பார்த்தார். நாலாவது படியில் மத்யமம் இருக்கவேண்டியதைவிட மேலே போய் நின்றது. ஏழாவதில் நிஷாதம் இறங்கிக் கிடந்தது. சங்கராபரணம் இல்லை. இது வேறு ராகம், வாசஸ்பதி!

"என்ன சார், மூணு ஷார்ப் இருக்கே?" என்றார் மேடம்.

வேலை கொடுக்கப்போகிறவர் இருக்கிறது என்கிறார். வேலை கேட்டு வந்தவர் இல்லை என்று சொல்லவேண்டும். கொளஞ்சி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இருக்குதுங்க மேடம். எண்ணிக்கை சரி, ஆளு மாறிப்போச்சு. எஃப், ஸி வந்ததும் ஜி வரணும். பாப்பா டியில போட்டுடுச்சு. பாடுனா வாசஸ்பதி வருதுங்க."

"நல்லது. அந்தப் பாப்பாவுக்கு வாசஸ்பதின்னா என்னன்னு தெரியாது. அவளுக்கு எப்படிச் சொல்லுவீங்க?"

கொளஞ்சி தாளைத் திருப்பி வளைவின்மேல் விரல் வைத்தார். "இங்க அரைன்னு போட்டுகீது. ஆனா முன்னாடி போட்ட குறிப்படி ஸி ஷார்ப்புலருந்து டி ஷார்ப்புக்கு முழுசா ஒரு படி. அங்க ஜியிலருந்து ஏ, அதுவும் முழுசு. ரெண்டு வளைவும் இடம் பாத்துப் போட்டது. எண்ணிப் பாத்துப் போடல. அந்த டி ஷார்ப்ப எடுத்து ஜியில வெச்சா ரெண்டு இடமும் அரையாயிடும். முட்டை ஒண்ணையும் தொடவேணாம்."

சந்தியா மேடம் முதல்முறையாகச் சிரித்தார். "உங்களுக்கு முன்னாடி வந்த ரெண்டு பேரும் மூணுன்னு எண்ணிட்டு டிக் போட்டுட்டுப் போனாங்க."

தானும் டிக் போடப்போனதைக் கொளஞ்சி சொல்லவில்லை. நேர்முகத் தேர்வில் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும்.

"அந்த பியானோல ஈ மேஜர் வாசிங்க. ஜூன்ல வந்து சேர்ந்துடலாம்."

அவர் உட்கார்ந்தார். இடது கை தன்பாட்டுக்குப் போய் ஓரத்தில் பட்டனைத் தேடியது. அங்கே வெறும் மரப்பலகைதான். கையைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். எஃப், ஸி, ஜி, டி என்று மனசுக்குள் நாலு குறியைப் போட்டு, நடந்துபோய் ஈயில் விரல் வைத்தார். முழு, முழு, அரை. கல்யாண வீட்டில் இந்த வேகத்தில் வாசித்தால் சாப்பாடு கிடைக்காது. ஆனாலும் மேல் ஈ வரைக்கும் அது சங்கராபரணமாகவே ஏறிப்போனது.

அன்று ஆறு மணிக்கு முன்பே வீட்டு வாசலில் நின்றார். தையல் மிஷினிலிருந்து நிமிர்ந்த செந்தமிழ்ச்செல்வி திடுக்கிட்டாள்.

"இன்னா, கச்சேரி கேன்சலா?"