துணியின் மூலையில் நீலம்

அவளுக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. நாற்காலியில் ஒரு காலை மடித்துப் போட்டால் மறுகால் தானாக ஆடும். ஹோட்டலில் சாப்பிடப் போனால் தட்டைப் பார்ப்பதற்கு முன் தலைக்கு மேலே எரியும் விளக்கைப் பார்த்து, "இந்தப் பல்பு சாப்பாட்டையே சீக்காளி மாதிரி காட்டுது" என்பாள். கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டுடியோவில் நிறம் சரிசெய்வது அவள் வேலை. பேர் சொல்லிக் கூப்பிடுபவர் அங்கே யாரும் இல்லை, முதலாளி முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவள் கலரக்காதான்.

வேலை என்னவோ கேட்பதற்குச் சுலபம். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கேமராக்காரர்கள் போவார்கள். ஒருவர் படத்தில் மணப்பெண் தங்கமாய் ஜொலிப்பாள், இன்னொருவர் படத்தில் அதே பெண் காய்ச்சலில் எழுந்து வந்தவள் போல இருப்பாள். இரண்டையும் ஒரே ஆல்பத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் மாப்பிள்ளை வீட்டார் சும்மா விடுவார்களா? அதனால் நன்றாக இருக்கும் படத்தை மாதிரியாக வைத்து, மற்றதை அதன் சாயலுக்குக் கொண்டுவருவாள். அதற்கென்று ஒரு சின்ன மென்பொருள் வைத்திருந்தாள். அது படத்தை மூன்றாகப் பிரிக்கும்: வெளிச்சம் ஒன்று, பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்பது ஒன்று, நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்பது இன்னொன்று. மூன்றிலும் மாதிரிப் படத்தின் சராசரி என்ன, அந்தச் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கிறது என்று கணக்கெடுத்து, மற்றப் படத்தையும் அதே கணக்குக்கு நகர்த்திவிடும். அவ்வளவுதான். அதற்குக் கண்ணும் கிடையாது, முகம் எது முந்தானை எது என்ற அறிவும் கிடையாது.

ஒருமுறை புதிதாக வந்தவன் ஒருவன் புல்வெளிப் படத்தை மாதிரியாக வைத்து, மண்டபத்துக்குள் எடுத்த படங்களை ஓட்டிவிட்டான். மாப்பிள்ளை பாசி பிடித்த மாதிரி வந்தார். அன்று அவள் போட்ட சத்தம் இன்றும் அந்தச் சுவரில் இருக்கிறது. இரண்டு படத்திலும் ஒரே மாதிரிப் பொருள்கள் ஒரே அளவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொடாதே என்பது அவள் சட்டம். அதைச் சொல்லாத நாளே கிடையாது.

தம்பிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த கையோடு ஒரு படம் அனுப்பியிருந்தான். முகம் நிறைய எடுத்த படம், மூலையில் கொஞ்சம் வெள்ளைத் துணி. பிள்ளை மஞ்சளாக இருந்தது. மூத்தவளுக்குக் கைக்குழந்தையில் இதே போல ஒரு படம் இருக்கிறதே, அந்தச் சாயலுக்கு இதையும் மாற்றித் தா, இரண்டையும் ஜோடியாகச் சுவரில் மாட்ட வேண்டும், எங்கள் வீட்டு பல்பு பாழாய்ப்போனது என்று கேட்டான். கேட்ட மாத்திரத்தில் செய்துவிட்டாள். மூத்தவள் படத்திலும் முகம், இதிலும் முகம். அதிலும் வெள்ளைத் துணி, இதிலும் வெள்ளைத் துணி. சட்டத்துக்கு இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? பிள்ளை ரோஜாப்பூ மாதிரி வந்தான். அத்தை ஆன பெருமையில் உடனே அனுப்பிவிட்டு, ஸ்டுடியோ முழுக்க எல்லாருக்கும் காட்டினாள்.

மறுநாள் ஒரு கல்யாண ஆல்பம் அவசரமாகப் போக வேண்டியிருந்தது. அவளுக்கோ வேலை ஓடவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். எதுவோ உறுத்துகிறது, என்னவென்று பிடிபடவில்லை. இருப்புக் கொள்ளாமல் மருமகன் படத்தைப் பெரிய திரையில் விரித்து வைத்தாள். முகம் அழகுதான். ஆனால் மூலையில் துணி நீலமாக இருந்தது. சொட்டு நீலம் கூடிப்போன வேட்டி மாதிரி நீலம்.

தம்பி அனுப்பிய மூலப் படத்தைப் பக்கத்தில் திறந்தாள். அதில் துணி வெள்ளையாகத்தான் இருந்தது. பல்பு மஞ்சள் என்றால் துணியும் மஞ்சளாக அல்லவா இருந்திருக்க வேண்டும்! துணி வெள்ளை, பிள்ளை மட்டும் மஞ்சள். படம் முழுக்க முகம் என்பதால் சராசரியே பிள்ளையின் மஞ்சள்தான். அந்தச் சராசரியை மூத்தவளின் சராசரிக்கு இழுத்தபோது, மென்பொருள் பிள்ளையின் உடம்பிலிருந்த மஞ்சளைத் துடைத்துவிட்டு, மஞ்சளே இல்லாத துணியையும் அதே அளவு நீலத்துக்குத் தள்ளியிருக்கிறது. பொருள்கள் ஒன்றுதான், பிள்ளை ஒன்றில்லையே! அடிப்பாவி, எந்த வேலையைச் செய்திருக்கிறோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு போனை எடுத்தாள். தம்பி எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள், எடுக்கவில்லை. வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தாள். ஆல்பம் என்னாச்சு என்று முதலாளி கேட்டதற்குப் பதில்கூடச் சொல்லாமல் தம்பி பெண்டாட்டிக்கு அடித்தாள்.

அவள் எடுத்தாள். பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்டாள். தம்பி பெண்டாட்டி மெல்லச் சொன்னாள்:

"பால் குடிக்காம தூங்கிட்டே இருக்கான் அண்ணி. மஞ்சளா இருக்கான்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். நீங்க அனுப்புன படத்தைக் காட்டி, பாரு எவ்வளவு நல்லா இருக்கான்னு என் வாயை அடைச்சிட்டாரு."

கலரக்கா நடையை நிறுத்தினாள்.

"அந்தப் படம் பொய்ம்மா. அவன் மஞ்சளை நான்தான் எடுத்தேன். நீ சொன்னதுதான் சரி. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு, போனை அவன்கிட்ட குடு."

தம்பி வந்தான். வீட்டு வெளிச்சம் அப்படி, நீயே சரிபண்ணி அனுப்பிவிட்டு இப்போது நீயே பயமுறுத்துகிறாயே என்று சலித்துக்கொண்டான். அவள் கத்தவில்லை. அவள் கத்தாமல் பேசியதே அவனுக்குப் புதுசு.

"நீ எடுத்த படத்துல துணியைப் பாருடா. வெளிச்சம் மஞ்சள்னா அது ஏன் வெள்ளையா இருக்கு?"

அவன் பார்த்திருக்க வேண்டும். சரிக்கா, கிளம்புறோம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

அதன் பிறகு இருந்ததுதான் இருப்பா? மணப்பெண் கழுத்து நகையைப் பார்த்தாலும் மஞ்சள், மண்டபத்துச் சுவரைப் பார்த்தாலும் மஞ்சள். போனைக் கவிழ்த்து வைத்தாள், நிமிர்த்தி வைத்தாள். முதலாளி விஷயம் தெரிந்ததும் ஆல்பத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை, அது அவளை இன்னும் பயமுறுத்தியது. மதியம் தாண்டித் தம்பி கூப்பிட்டான். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், காமாலை ஏறித்தான் இருக்கிறது, அதை இறக்கும் விளக்கடியில் வைத்திருக்கிறார்கள், இப்போதே கொண்டுவந்தது நல்லது என்றாராம் டாக்டர். சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. கூடவே ஒரு படமும் வந்தது. கண்ணைக் கட்டி, வெறும் உடம்பாக, நீல வெளிச்சத்தில் பிள்ளை படுத்திருந்தான். தலை முதல் கால் வரை நீலம். பழக்கதோஷத்தில் அவள் கை மவுஸுக்குப் போனது. பாதியில் நிறுத்தி, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

பிள்ளை தேறி வீட்டுக்கு வந்ததும் பார்க்கப் போனாள். சுவரில் மூத்தவள் படம் மட்டும் தொங்கியது. பக்கத்தில் ஆணி மட்டும் இருந்தது. அன்றைக்கே அச்சடித்து மாட்டிய ரோஜாப்பூ படத்தைத் தம்பியே கழற்றிவிட்டானாம். இப்போது நல்ல வெளிச்சத்தில் புதிதாக ஒன்று எடுத்து அழகாகச் செய்து தருகிறேன் என்றாள் கலரக்கா. தம்பி பெண்டாட்டி பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு மறுத்துத் தலையாட்டினாள்.

"வேணாம் அண்ணி. அந்த மஞ்சப் படத்தையே போட்டுக் குடுங்க. நான் பாத்தது அதுலதான் இருக்கு."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். கலரக்கா தன் ஊருக்குத் திரும்பியதும் அந்தப் படத்தை அச்சுக்கு அனுப்பினாள். அனுப்புவதற்கு முன் திரையில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை.