இருபத்திரண்டு தப்படி

ஸ்க்ரூ அக்கா என்றால் அந்த வணிக வளாகத்தில் காவலாளி முதல் கண்ணாடிக் கடைக்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். முதல் மாடியில், ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டால் மூச்சு முட்டுகிற கடை அவளுடையது. கையில் வைத்து ஆடுகிற கேம் கன்சோல்களைப் பழுது பார்ப்பதுதான் பிழைப்பு. எங்கேயும் போய்ப் படித்தவளில்லை. மகள் கீழே போட்டு உடைத்த கன்சோலைத் தானே பிரித்து, மூன்று நாள் மூளையைக் கசக்கி ஓடவிட்ட அன்று பிடித்த கிறுக்கு அது. தன் கைபட்டது எதுவும் பழுதென்று திரும்பி வந்ததில்லை என்று பெருமை அடித்துக்கொள்வாள். அடிக்கட்டுமே, உண்மைதானே!

அந்த வாரம் வரைக்கும் உண்மைதான்.

நூலகத்தில் விளையாட்டுக் கூடம் ஒன்று திறந்திருந்தார்கள்; மொத்தம் பத்து கன்சோல். ஒன்றை மட்டும் வெள்ளோட்டமாக இவளிடம், உள்ளே சூடு தணிக்கிற குட்டி விசிறியை மாற்றக் கொடுத்திருந்தார் நூலகர் அம்மா. வேலை சுத்தமாக இருந்தால் பத்தும் இவள் பொறுப்பில். இல்லையென்றால் பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போய்விடும். இப்போது அந்த அம்மா மூன்று கன்சோலோடு வாசலில் நிற்கிறார்.

"நீங்க பாத்த கன்சோல் மத்ததோட சேர மாட்டேங்குதும்மா. எங்க கூடத்துல இன்டர்நெட் கிடையாது. ரெண்டு கன்சோலும் நேரா பேசிக்கிட்டாத்தான் பிள்ளைங்க சேர்ந்து ஆட முடியும். இதுல சேர்ந்து ஆட ரூம் திறந்தா, எதிர் மேசை கன்சோல்ல அது தெரியவே இல்ல."

அக்காவுக்குச் சுருக்கென்றது. அதையும் இன்னொன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் ஒரே கேம், ஒரே வெர்ஷன். ஃப்ளைட் மோடும் போட்டிருக்கவில்லை. ஒன்றில் ரூம் திறந்தாள். அடுத்ததில் கண்மூடித் திறப்பதற்குள் தெரிந்தது.

"பாத்தீங்களா? ஒட்டிக்கிச்சே!"

"இங்க ஒட்டுது. அதுக்காகப் பிள்ளைங்க ஒருத்தர் மடியில ஒருத்தர் உக்காந்துக்கிட்டா ஆடுவாங்க?"

அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. கொடுத்தனுப்பும்போதும் இதே மேசையில், இதே மாதிரி பக்கத்தில் வைத்துத்தானே பார்த்தாள்!

பக்கத்து மொபைல் கவர் கடை அண்ணன் காதோரம் கிசுகிசுத்தார். "சுத்தி எத்தனை வைஃபை ஓடுது, நெரிசல்னு சொல்லி அனுப்பும்மா. யார் கண்டா?"

சொல்லலாம். நெரிசலாலும் இணைப்பு அறும், சுவரும் இரும்பு அலமாரியும் கூடத் தடுக்கும். அந்த அம்மா தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். ஆனால் அக்காவுக்கு மனசு கேட்கவில்லை.

"சும்மா இருங்கண்ணே, நான் ஒண்ணு பாக்கணும்," என்றவள் நூலகர் பக்கம் திரும்பினாள். "நீங்க இதைப் பிடிச்சுக்கிட்டு இங்கேயே நில்லுங்கம்மா."

பழுது பார்க்காத இரண்டில் ஒன்றை அவர் கையில் கொடுத்து, மற்றதோடு வராந்தாவில் நடந்தாள். இருபது தப்படி போன பிறகுதான் இணைப்பு அறுந்தது. திரும்பி வந்து, தான் பிரித்த கன்சோலை எடுத்துக்கொண்டு நடந்தாள். நாலாவது தப்படியில் அறுந்தது. நூலகர் கையில் இருந்ததை மாற்றிக் கொடுத்தும் பார்த்தாள். அதே நாலு. எந்த ஜோடியோடு சேர்த்தாலும் குறை கூடவே வந்தது. இனி யாரைக் கைகாட்ட முடியும்?

பின்மூடியைக் கழற்றினாள். கன்சோல்கள் ஒன்றோடொன்று பேச உதவும் வைஃபை சில்லில் அழுத்திப் பொருத்த வேண்டிய ஆன்டெனா வயர் இரண்டு. ஒன்றின் கடுகளவுத் தலை கழன்று கிடந்தது. இன்னொன்று உட்கார்ந்த மாதிரி பாசாங்கு செய்தது. விசிறி மாற்றும்போது வயரை எடுத்தவள் திரும்பச் சரியாக அமர்த்தவில்லை. ஒட்டி இருந்தால் அரைகுறைச் சிக்னலே போதும், தள்ளிப் போனால் போதாது.

"என் தப்புதாம்மா," என்றாள். முகம் சிவந்துவிட்டது. "நெரிசலும் இல்ல, உங்க கூடமும் இல்ல. நான்தான் சரியா மாட்டல."

கவர் கடை அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு தன் கடைக்குள் போய்விட்டார்.

அக்கா இரண்டு வயரையும் 'டிக்' என்று அமர்த்தி, மூடி, இந்தத் தடவை கன்சோலை நூலகர் கையிலேயே கொடுத்தாள். "நீங்களே நடங்க. அறுந்ததும் சொல்லுங்க."

அந்த அம்மா வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடந்தார். பத்து. பதினைந்து. கண்ணாடிக் கடையைத் தாண்டினார். அக்கா இன்னொரு கன்சோலோடு கடை வாசலிலேயே நின்றாள். இருபத்திரண்டில்தான், "ஆங், போச்சு!" என்று குரல் வந்தது.

திரும்பி வந்தவர் பையிலிருந்து பராமரிப்பு ஒப்பந்தப் படிவத்தை எடுத்தார். பராமரிப்பாளரின் தகுதிச் சான்று என்று ஓர் இடம் இருந்தது. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்கிட்ட சான்றிதழ் எதுவும் இல்லம்மா."

"நான் கேக்கவே இல்லையே," என்றார் அவர். பேனாவைத் திறந்து, அந்த இடத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினார்: 'என் முன்னால் இருபத்திரண்டு தப்படி நடந்து சோதிக்கப்பட்டது. தவற்றைத் தானே சொன்னார்.'

"மிச்ச ஒன்பதையும் நாளைக்குக் கொண்டாறேன். நடக்க ஆள் வேணும்னா நானே வரேன். இதுல கையெழுத்துப் போட்டு வைங்க," என்று படிவத்தை அக்கா கையில் கொடுத்தார்.

அவர் படியிறங்கியதும் கவர் கடை அண்ணன், "என்னம்மா ஆச்சு?" என்று ஓடிவந்தார். அக்கா படிவத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"சத்தமாப் படிங்கண்ணே. கண்ணாடிக் கடை வரைக்கும் கேக்கணும்."