நான்கு பக்கமும் சிவப்பு

டக்.

வீட்டில் பழைய ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பினால் இன்றும் அந்தச் சத்தம்தான். கேட்ட மாத்திரத்தில் அருப்புக்கோட்டை நாற்சந்தியில், சிக்னல் பெட்டியின் சூடேறிய கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். தொண்ணூறுகளின் கடைசி. காண்ட்ராக்டரிடம் சிக்னல் மெக்கானிக் வேலை.

பெட்டிக்குள் விளக்கை மாற்றும் ரிலே ஒரு டக் போட்டால் இந்தப் பக்கம் மஞ்சள் போய்ச் சிவப்பு விழும். அடுத்த டக்கில் அந்தப் பக்கம் பச்சை. இரண்டுக்கும் நடுவே இரண்டு நொடி, நான்கு பக்கமும் சிவப்பு. யாருக்கும் உதவாத நேரம் போலத் தோன்றும். அது நடுவில் மாட்டிக்கொண்டவருக்கான நேரம். மஞ்சளின் கடைசியில் நுழைந்துவிட்ட பஸ் தன் நீளத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு வெளியேறுவதற்கான நேரம். அந்த மௌனத்தை நான் காது கொடுத்துக் கேட்பேன்.

எதிரே ஜவுளிக்கடைக்காரருக்கு அது பொறுக்காது. "ஏம்ப்பா, நாலு பக்கமும் செவப்பப் போட்டுட்டு ஒம் மிஷினு தூங்குதா?"

"மொதலாளி, உள்ள இருக்கிற வண்டி வெளிய போகணும்ல?"

"போகட்டும். நாங்க எம்புட்டு நேரம் காயணும்னாவது சொல்லுமா அது?"

சொல்லவைத்தார். எண்கள் இறங்கிவரும் பலகைகளை அவரே வாங்கிக் கொடுத்தார். கீழே அவர் கடைப் பெயர். சிவப்பிலும் பச்சையிலும் எண் ஓடியது. ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. எனக்கும் பெருமைதான்.

ஒரு வாரத்தில் என் மௌனம் போனது. சிவப்பில் ஐந்து தெரிந்ததும் எஞ்சின்கள் உறுமும். இரண்டு வரும்போது முன்சக்கரங்கள் கோட்டைத் தாண்டியிருக்கும். அந்த இரண்டுதான் நான்கு பக்கமும் சிவப்பாக இருக்கிற நேரம். முன்பெல்லாம் பச்சையைப் பார்த்து, கியர் போட்டு, நகர ஒரு மூச்சு ஆகும். யாரும் திட்டமிடாத காவல் அது. அதையும் எண் தின்றது. பச்சைப் பக்கத்திலோ, மூன்று தெரிந்தால் நிற்கலாம் என்றில்லை, ஆக்ஸிலேட்டரை மிதித்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே இடைவெளியைக் கடித்துக்கொண்டிருந்தன.

கடைசி ஐந்து எண்களை அணைத்துவிடலாம் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். "குடுத்தவுக கோவிச்சுக்கிருவாக" என்றார்.

பல்பு மாற்ற ஏணியில் நின்ற ஒரு காலையில் திருச்சுழி பஸ் வந்தது. ஓட்டியவன் என் கூட்டாளி, பாளையம்பட்டியில் ஒரே தெருவில் வளர்ந்தவன். மஞ்சள் எரியும்போதே அவன் முன்சக்கரம் கோட்டைக் கடந்ததை நான் பார்த்தேன். டக். சிவப்பு. பஸ் நடுவில். குறுக்குச் சாலையில் எண் இரண்டு. நூல் பொதியைப் பின்னால் கட்டிய மொபட் ஒன்று சீறிக் கிளம்பியது. ஓட்டிய நெசவாளரின் கண் பலகையில் இருந்தது. பிரேக் சத்தம் வந்தபோது அடுத்த டக் இன்னும் விழவில்லை. வெள்ளை நூல் தார் ரோட்டில் அவிழ்ந்து, ஒரு பக்கம் சிவந்தது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே அவர் போய்விட்டார்.

சிவப்பில் பஸ்ஸை விட்டான் என்று கேஸ் வந்தால் கூட்டாளிக்கு வேலை போகும், ஜெயிலும் உண்டு. ஸ்டேஷனுக்கு நானே போனேன். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு நிமிர்ந்தார்.

"பஸ்ஸு நடுவுல இருக்கையில அதோட வெளக்கு செவப்பா இல்லையா?"

"செவப்புதாங்கய்யா. ஆனா அவன் நுழையும்போது மஞ்சா. அந்தச் செவப்பே அவன் வெளிய போறதுக்குத்தான்…"

"செவப்பா?"

"ஆமாங்கய்யா. நாலு பக்கமுமே செவப்பு. மொபட்டுக்கும் செவப்புதான்."

"செத்தவரு மேலயுமா கேஸு போடச் சொல்ற?"

வெளியே ஜனம் கூடி நின்றது. கடைக்காரர், பூக்காரம்மா, சோடா வண்டிக்காரர், எல்லோரும் பார்த்ததைத்தான் சொன்னார்கள்: சிவப்பு எரிந்தது, பஸ் நடுவில் இருந்தது. ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. என் வாக்குமூலத்திலும் ஏட்டு அந்த ஒரு வரியைத்தான் எடுத்துக்கொண்டார்.

ஜாமீனில் வந்த கூட்டாளியை சஸ்பெண்டு செய்தார்கள். மாமனார் ஊருக்குக் கிளம்பினான். பஸ் ஸ்டாண்டில் அதே திருச்சுழி பஸ். டிரைவர் சீட்டைத் திரும்பிப் பார்க்காமல் கடைசி வரிசைக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தான். கீழே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த ஆளுக்குப் பிள்ளைக எத்தனலே?" என்றான்.

"ரெண்டு."

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

"நம்பர அணைச்சாச்சா?"

"கேட்டிருக்கேன். பாக்கலாம்னு சொல்றாக."

பஸ் நகர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சொன்னான்:

"அப்ப ஒனக்குப் பச்ச விழுந்தாலும், ரெண்டு பக்கமும் பாத்துட்டு ரோட்டுல எறங்குலே."