ஓரத்தில் இட்ட பச்சைக் குறிகள்

காலை மணி அடித்து ஆறு நிமிடம் ஆகியும் ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவின் வாசலில் கூட்டம் கலையவில்லை. மூன்றாம் பெஞ்சில் உட்காரும் பெண் நிலைக்கட்டையை வலக்கையால் தொட்டாள், இடக்கையால் தொட்டாள், மீண்டும் வலக்கை. நான்கு முறை முடியுமுன் யாரோ பின்னாலிருந்து இடித்துவிட, முகம் வெளுத்து முதலிலிருந்து தொடங்கினாள்.

"என்ன மகாராணி, வாசலை அளந்து முடிச்சாச்சா? இன்னும் எத்தனை அடி பாக்கி?" என்றார் தாழ்வாரத்தில் நின்ற விளையாட்டு ஆசிரியர். கழுத்தில் எப்போதும் ஊதல் தொங்குவதால் அவருக்கு விசில் சார் என்று பெயர். வகுப்பு கொல்லென்று சிரித்தது. "ரப்பர்! ஏய் ரப்பர்! உள்ள வா!" என்று ஒரு குரல் கூவியது.

அந்த வகுப்பின் ஆசிரியை சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தம் சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்: 'நாலு நிமிடம். கிண்டல் உண்டு.' பள்ளியில் அவரைக் கோப்பு டீச்சர் என்பார்கள். பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டு விடைத்தாள் காணாமல் போய், பழி அவர் தலையில் விடிந்தது. மூன்று மாதம் கழித்துக் கட்டு அலுவலக அலமாரிக்குப் பின்னால் அகப்பட்டது; மன்னிப்பு எங்கும் அகப்படவில்லை. அன்று முதல் அவர் எதையும் நினைவில் நம்பி வைப்பதில்லை. எல்லாவற்றையும் தாளில் நம்பி வைக்கிறார்.

அன்று மதியமே தலைமை ஆசிரியை அவரை அழைத்தார்.

"அந்தப் பொண்ணு காலாண்டுத் தேர்வுல ஒரு தாளையும் முடிக்கல. பாதிப் பக்கம் எழுதறா, அழிக்கறா, காகிதத்தையே ஓட்டை போடறா. அரையாண்டுலயும் இதே கதைன்னா மெதுவா படிக்கறவங்க பிரிவுக்கு மாத்திடுவேன். உத்தரவு எழுதி வெச்சிருக்கேன், கையெழுத்துதான் பாக்கி."

"அவ மெதுவா படிக்கற பொண்ணு இல்ல மேடம். எழுத விடாம ஏதோ பிடிச்சு இழுக்குது."

"எதுவா இருந்தா என்ன? எட்டு வாரம் இருக்கு. முடிச்ச தாளைக் காட்டுங்க."

எட்டு வாரம்! ஆசிரியை படியிறங்கும்போதே கணக்குப் போட்டுவிட்டார். அவர் சும்மா இருந்தவரும் அல்லர். ஆண்டின் தொடக்கத்திலேயே அந்தப் பெண்ணைத் தனியாக அழைத்து, யார் காதிலும் விழாத இடத்தில், மெல்லக் கேட்டிருந்தார்.

"எனக்கே தெரியும் டீச்சர், இது பைத்தியக்காரத்தனம்னு," என்றிருந்தாள் அவள், நகத்தைப் பார்த்தபடி. "எழுத்து சரியா வரலைன்னா அம்மாவுக்கு வழியில ஏதாவது ஆயிடும்னு தோணுது. தப்பா ஏதோ எழுதிட்டேனோன்னும் தோணுது. அழிச்சு எழுதினா கொஞ்ச நேரம் அடங்குது. அப்புறம் திரும்பப் பிராண்டுது."

கேட்ட மனம் உருகியது. கல்லூரியில் இதற்குப் பாடம் கிடையாது. அவர் தாமே ஒரு மருந்து கண்டுபிடித்தார். அவள் எழுதியது சரியாக இருந்தால் ஓரத்தில் பச்சை மையால் ஒரு சிறு குறி. 'சரியா இருக்கும்மா' என்று ஒரு சொல். முதல் நாள் அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து, பாதி நோய் போயிற்று என்றே நம்பினார்.

தலைமை ஆசிரியையிடம் காட்டச் சான்று வேண்டுமே! வகுப்பு முடிந்ததும் அந்தப் பெண்ணின் குறிப்பேடுகளையும், தாம் பிரதி எடுத்து வைத்திருந்த பக்கங்களையும் ஆசிரியர் அறையின் நீள மேசையில் வாரவாரியாகப் பரப்பினார். முன்னேற்றம் கண்ணால் தெரிய வேண்டும் என்று பச்சைக் குறிகளை எண்ணத் தொடங்கினார்.

முதல் வாரம், பக்கத்துக்கு இரண்டு. மூன்றாம் வாரம், ஏழு. விரல் வேகமாக நகர்ந்தது. ஆறாம் வாரம், பத்தொன்பது. நேற்றைய பக்கத்தில் முப்பத்து நான்கு! வரிக்கு ஒன்றாக இருந்தது சொல்லுக்கு ஒன்றாகியிருந்தது. எழுதிய வரிகளோ வாரத்துக்கு வாரம் தேய்ந்து, பதினெட்டிலிருந்து ஒன்பதுக்கு இறங்கியிருந்தன.

"ஐயோ," என்றார் வாய்விட்டு. "நானே தண்ணி ஊத்தி வளர்த்திருக்கேன்!"

பக்கத்து நாற்காலியில் பழம் தின்றுகொண்டிருந்த விசில் சார் திடுக்கிட்டார். "எதை டீச்சர்? செடியையா?"

பதில் சொல்ல ஆசிரியைக்கு நேரமில்லை. மறுநாளே அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்து, பெண்ணையும் அவள் தாயையும் அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு விரைந்தார். தாய் ஒரு தையல் கூடத்தில் வேலை செய்பவர். விரலில் ஊசிக் குத்துத் தழும்புகள். "வீட்டுலயும் இதேதான் டீச்சர். கதவு பூட்டியாச்சான்னு இருபது தடவை கேப்பா, நானும் இருபது தடவை 'பூட்டியாச்சு கண்ணு'ம்பேன். இல்லன்னா அழறாளே," என்றார் வழிநெடுக.

குழந்தைகள் மனநல மருத்துவர் முதலில் பெண்ணிடம் தனியாக நெடுநேரம் பேசினார். பிறகு மேசையில் விரிந்த தாள்களைப் பார்த்துப் புருவம் உயர்த்தினார்.

"இவ்வளவு சுத்தமான பதிவை எந்தப் பள்ளியும் எனக்குக் கொண்டு வந்ததில்லை. இதுக்கு ஓசிடின்னு பேர். பயமுறுத்தற எண்ணம் கூப்பிடாமலே வரும். அதை அடக்க ஒரு சடங்கு: தொடறது, அழிக்கறது, கேட்டுக் கேட்டு உறுதி பண்ணிக்கறது. உடனே நிம்மதி கிடைக்குது பாருங்க, அந்த நிம்மதிதான் வினை. 'செஞ்சதாலதான் தப்பிச்சேன்'னு மனசு பாடம் பண்ணிக்குது. அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் கேக்கும்."

"அப்போ என் பச்சைக் குறி?"

"அதுவும் சடங்குல சேர்ந்துடுச்சு. வெக்கப்படாதீங்க. கிண்டல் பண்றவங்க ஒரு பக்கம் வளர்க்கறாங்க, அன்பா இருக்கறவங்க இன்னொரு பக்கம் வளர்க்கறாங்க."

"இன்னிக்கே நிறுத்திடறேன் டாக்டர்!"

"அங்கதான் தப்பு பண்ணுவீங்க," என்று மருத்துவர் கையை உயர்த்தினார். "திடீர்னு பிடுங்கினா பயத்துல மூழ்கிடுவா. கையைப் பிடிச்சுத் தடுக்கவும் கூடாது. வாரா வாரம் இங்க வரட்டும். எது சின்ன பயம், எது பெரிய பயம்னு ஏணி மாதிரி அவளே வரிசை போடுவா. சின்னதுல ஆரம்பிச்சு, சடங்கு செய்யாம பயத்தோட கொஞ்ச நேரம் உக்காரப் பழகுவா. பயம் ஏறும், அது தாங்கக்கூடியதுதான்னு அவளே கண்டுபிடிப்பா. பள்ளியில எந்தப் படி எப்போன்னு அவ சம்மதிக்கணும்."

"அவ 'சரியா இருக்கா'ன்னு கேட்டா என்ன சொல்ல?"

"பொய்யும் வேண்டாம், உறுதியும் வேண்டாம். 'இது கஷ்டமா இருக்குன்னு தெரியுது. கேக்கறது நீ இல்ல, அந்தத் தொல்லை. நான் பதில் சொல்லப் போறதில்ல, ஆனா பக்கத்துலயே இருக்கேன்.' அவ்வளவுதான்."

ஆசிரியை அதைச் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டார். மூலையில் உட்கார்ந்திருந்த பெண், "அந்தத் தொல்லைக்கு ஒரு பேர் வெக்கலாமா?" என்றாள். 'நச்சரிப்பு மாமா' என்று அவளே பெயரும் சூட்டினாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் சிரிப்பு அது.

வேட்டை தொடங்கியது! முதல் வாரம், பக்கத்துக்கு இருபது குறி போதும் என்று அவளே பேரம் பேசினாள். அடுத்த வாரம் பன்னிரண்டு. ஒரு நாள் எட்டுக்கு இறங்கியபோது உதடு நடுங்கிற்று, கண்ணில் நீர் கட்டியது. ஆசிரியை அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்து நின்றார். 'சரி' என்ற ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்து திரும்பியது. பத்து நிமிடத்தில் பெண் தானே அடுத்த வரிக்குப் போனாள். ஐந்தாம் வாரம் அவளுக்குச் சளிக் காய்ச்சல் வந்து, குறிகள் மீண்டும் இருபதைத் தொட்டன. மருத்துவர் தொலைபேசியில், "ஏறி இறங்கித்தான் போகும். திட்டாதீங்க, பதறாதீங்க," என்றார்.

'ரப்பர்' என்று கூவியவனை ஆசிரியை வகுப்பின் நடுவே நிறுத்தவில்லை. தனியே அழைத்து, "பட்டப்பெயர் இந்த வகுப்புல கிடையாது. யாருக்கும்," என்று இரண்டே வரியில் முடித்தார். பெண்ணின் நோயைப் பற்றி வகுப்பில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது அவளுக்குரிய செய்தி.

விசில் சாரிடம் மட்டும் தாளைக் காட்ட வேண்டியிருந்தது. அதற்கும் பெண்ணிடமும் தாயிடமும் சம்மதம் வாங்கினார்.

"சார், இது வாசல் பதிவு. நீங்க கிண்டல் பண்ணின நாளெல்லாம் நாலு நிமிஷம். நீங்க லீவு போட்ட நாளெல்லாம் ஒண்ணரை."

அவர் இரண்டு முறை படித்தார். காது சிவந்தது. "சும்மா உற்சாகப்படுத்தலாம்னு... என் வாய்க்கு இவ்வளவு பலம் இருக்கும்னு தெரியாது டீச்சர்." சற்று நேரம் ஊதலைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, "அவ கேட்டா என்ன சொல்லணும்னு எனக்கும் எழுதித் தாங்க," என்றார்.

அரையாண்டுத் தேர்வின் முதல் நாள். ஆசிரியை மேற்பார்வைப் பட்டியலில் விரலை ஓட்டினார். அவருக்குப் பக்கத்து அறை. அந்தப் பெண்ணின் அறைக்கு விசில் சார். இரண்டு அறைக்கும் நடுவே பாதி திறந்த கதவு ஒன்றுதான்.

ஒரு மணி நேரம் எழுதுகோல்களின் சரசரப்பு மட்டும். ஆசிரியை நடக்கும் ஒவ்வொரு முறையும் கதவிடைவெளியில் எட்டிப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று பக்கம்! நான்காம் பக்கத்தில் பெண்ணின் கை நின்றது. அழிப்பான் கைக்கு வந்தது. தாளின் மேல் வந்து, தொடாமல், காற்றில் தொங்கியது. ஐந்து நிமிடம். ஏழு நிமிடம்.

அவள் தலை நிமிர்ந்தது. "சார்... இந்த எழுத்து சரியா இருக்கா? ஒரே ஒரு தடவை சொல்லுங்க சார்."

கதவுக்கு இப்பால் ஆசிரியை நடையை நிறுத்தினார். சொல்லிவிடாதே ஐயா, சிரித்தும்விடாதே!

விசில் சார் அவள் பெஞ்சருகே போய்க் குனிந்தார். கிசுகிசுக்கத் தெரியாத குரல். அடக்கிப் பேசியும் இந்த அறைக்குக் கேட்டது. "கஷ்டமா இருக்கு, தெரியுது. கேக்கறது நீ இல்ல, அந்த ஆளு. நான் பதில் சொல்ல மாட்டேன்மா. எங்கயும் போகவும் மாட்டேன்."

அவள் தோள் குலுங்கியது. அழிப்பானை இறுகப் பிடித்த விரல்கள் வெளுத்தன. பிறகு, ஒவ்வொரு விரலாக, அவை திறந்தன. அழிப்பான் பெஞ்சில் உருண்டது. கோணலாக வந்த எழுத்தைக் கோணலாகவே விட்டுவிட்டு அவள் பக்கத்தைத் திருப்பினாள்!

மணி அடித்தபோது கடைசிக் கேள்வியில் பாதி மீதி இருந்தது. ஆசிரியை தாளை எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினார்.

தலைமை ஆசிரியை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "முடியலையே."

"முடியல மேடம். பத்துல ஒன்பதரை. காலாண்டுல பத்துல ரெண்டு. டாக்டர் கூடுதல் நேரத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கார்; 'பார்க்கலாம்'னு சொல்லி வாங்கி வெச்சீங்க. இன்னிக்கு அது இல்லாமலே எழுதினா."

தலைமை ஆசிரியை இழுப்பறையைத் திறந்து மருத்துவரின் கடிதத்தை வெளியே எடுத்தார். அதன் ஓரத்தில் 'அனுமதி' என்று எழுதிக் கையெழுத்திட்டார். "அவ உங்க வகுப்புலயே இருக்கட்டும். அந்த டாக்டர் நம்ம டீச்சர்களுக்கு ஒரு மணி நேரம் பேச வருவாரான்னு கேளுங்க. நானும் உக்காரணும்."

வெளியே மரத்தடியில் பெண் காத்திருந்தாள். செய்தியைக் கேட்டதும் கண் விரிந்தது. குதிக்கப்போகிறாள் என்று ஆசிரியை நினைத்தார். அவளோ முகம் சுளித்தாள்.

"அப்போ நாளைக்கு அறிவியல் பரீட்சைக்கும் வந்துதான் ஆகணுமா டீச்சர்?"