முப்பது மீட்டர் என்றார் ஜான்சன் சார்

அசோக் நகர் டியூஷனில் பிளஸ் ஒன் படித்தபோது, ஒரு திசைவேக-நேர வரைபடக் கணக்கில் வண்டியின் இடப்பெயர்ச்சி பத்து மீட்டர்தான் என்று அடித்துச் சொன்னதற்காக தூபாவை ஒரு மணி நேரம் வாசலில் நிற்க வைத்தார் ஜான்சன் சார். இன்று அவளும் இயற்பியல் டீச்சர். தங்கை அங்கே படிப்பதால் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறாள்.

அதே திசைவேக-நேர வரைபடத்தின் ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டு, விடை முப்பது என்றார் சார்.

காத்திருந்த தூபா அதில் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினாள். "நாலு செகண்ட் வரைக்கும் முக்கோணம் அச்சுக்கு மேல, இருபது மீட்டர் முன்னாடி. அடுத்த ரெண்டு செகண்ட் அச்சுக்குக் கீழ, பத்து மீட்டர் பின்னாடி. கழிச்சா பத்து. முப்பதுங்கறது ஓடின தூரம். கடைசியில வேகம் குறையுதுன்னு வேற போட்டிருக்கீங்க. அங்க வண்டி பின்பக்கமா வேகம் எடுக்குது."

இருநூறு பேர் பார்த்தார்கள்.

தூபா இன்னொரு வரி எழுதினாள்: "நான் நின்ன வாசல் காலியாத்தானே இருக்கு, சார்?"