உங்கள் தந்தையின் மரணத்துக்கு வருந்துகிறோம்

எங்கள் உணவகம் லண்டன் ஹரோவில், ஒரு சலூனுக்கும் பூட்டிக் கிடக்கும் வங்கிக்கும் நடுவே இருக்கிறது. சமையலறை என்னுடையது. வெளியுலகத் தொடர்புகள் என் கணவருடையவை என்று அவரே அறிவித்துக்கொண்டார். வெளியுலகத் தொடர்பு என்றால், இணையத்தில் யாராவது விமர்சனம் எழுதினால் அதற்குப் பதில் போடுவது.

அவர் என்னைக் கட்டி லண்டன் வருவதற்கு முன் ஆறு வருடம் பார்சலோனாவில் இருந்தவர். ஒரு கடலுணவுக் கடையின் பின்பக்கத்தில் கோப்பை கழுவினார். இந்த ஆறு வருடத்தை அவர் சொல்லும் விதத்தைக் கேட்டால், ஸ்பெயின் அரசர் இவரிடம் ஆலோசனை கேட்டுத்தான் காலைச் சாப்பாடு சாப்பிட்டார் என்று நினைப்பீர்கள். தொலைக்காட்சியில் யாராவது ஸ்பானிஷ் பேசினால் உடனே தலையாட்டுவார். என்ன சொல்லுறாங்கள் என்று கேட்டால், "அது தமிழிலை சொல்ல ஏலாது" என்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் ரோல்ஸுக்கு உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தபோது, கைபேசியோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"இஞ்சரும், ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்பானிஷ் பிள்ளை தேப்பனோடை வந்து நண்டுக்கறி சாப்பிட்டதெல்லே. தேப்பன் செத்துப்போனார்."

என் கையிலிருந்த மசிகட்டை நழுவியது. "ஆர் சொன்னது?"

"விமர்சனம் எழுதியிருக்கு. ஸ்பானிஷிலை." விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "இது முவெர்த்தே. சாவு. இது பாத்ரே, அப்பா. இது பிக்காபா, உறைப்பு. இந்தா, லியோராமோஸ். அழுதோம்."

"இதிலை 2 எண்டு இலக்கம் கிடக்கு, அது என்ன?"

"ரெண்டு தரம் வந்திருக்கு. மாரடைப்பாய் இருக்கும்."

நான் எட்டிப் பார்த்தேன். மேலே ஐந்து நட்சத்திரங்கள் பளிச்சென்று இருந்தன.

"தேப்பனைக் கொன்ற கடைக்கு ஆராவது அஞ்சு நட்சத்திரம் போடுவினமோ?"

"அது அந்தச் சனத்தின்ரை பண்பாடு. உமக்கு விளங்காது."

"கீழை மொழிபெயர்ப்பு எண்டு ஒரு பொத்தான் இருக்கு. அதை ஒருக்கா அமத்துங்கோ."

"ஆறு வருசம் அந்த மண்ணிலை இருந்தவன் மிசினிட்டைப் பாசை கேக்கிறதோ?" என்றார். மேசையில் குந்தி, ஒரு மணி நேரம் உதட்டைக் கடித்துக் கடித்துப் பதில் எழுதினார். அந்தப் பொத்தானை நானே அமத்தியிருக்க வேண்டும். ஆனால் மனிசன் அவ்வளவு கவலையாக இருந்தார். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். நண்டு கழுவியவள் நான்.

அடுத்த நாள் காலை விம்பிள்டனிலிருந்து கணவரின் தங்கை, என் மச்சாள், தொலைபேசியில் வந்தாள். எங்கள் கடை திறந்து நாலு வருடமாகியும் ஒரு விமர்சனம் எழுத அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. ஆனால் எங்களைப் பற்றி யார் என்ன எழுதினாலும் முதலில் வாசிப்பவள் அவள்தான்.

"அண்ணி, உங்கடை கடையிலை ஆரோ செத்துப்போச்சினமாம்? கோயிலிலை எல்லாரும் கதைக்கினம். கடையைப் பூட்டக் கவுன்சில் சுகாதாரக்காரர் வந்தவையோ?"

"ஆரடி சொன்னது?"

"அண்ணைதானே எழுதியிருக்கிறார். நான் பொத்தானை அமத்தி இங்கிலீசிலை பாத்தனான்."

அவள் அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். 'மிகவும் வருந்துகிறேன் தந்தை மரணம். மன்னி. நண்டு புதிது. குற்றம் எங்களது அல்ல. வா. சாப்பிடு.' இவ்வளவுதான் பதில். உலகத்தில் எவரும் பார்க்கக்கூடிய இடத்தில், எங்கள் கடையின் பெயருக்குக் கீழே, உரிமையாளரின் பதில் என்ற தலைப்போடு நின்றது.

நான் கைபேசியையும் கணவரையும் இழுத்துக்கொண்டு பக்கத்துச் சலூனுக்குப் போனேன். அதை நடத்துபவள் கொலம்பியாக்காரி. அவள் முதலில் வாடிக்கையாளரின் விமர்சனத்தை வாசித்துப் புன்னகைத்தாள். பிறகு என் கணவரின் பதிலை வாசித்தாள். கையிலிருந்த கத்தரிக்கோலைப் பாதுகாப்பாக மேசையில் வைத்துவிட்டு, கதிரையில் விழுந்து சிரித்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கினாள். 'தே முவெர்த்தே' என்றால் சாவு இல்லை, அப்படியொரு ருசி என்று அர்த்தம். அப்பா வரமாட்டேன் என்று அடம்பிடித்தாராம், வந்த பிறகு இரண்டு தரம் திரும்ப வாங்கிச் சாப்பிட்டாராம். உறைப்புத்தான், ஆனால் சந்தோசத்தில் அழுதோம் என்று எழுதியிருக்கிறாள்.

என் கணவர் சுவரில் ஒட்டியிருந்த முடிவெட்டுப் படங்களை மிக ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொன்றும் இருக்கிறது," என்றாள் அவள். "இது மரியாதைப் பேச்சே இல்லை. வா, சாப்பிடு, மன்னி என்று வேலைக்காரரை ஏவுவதுபோல் எழுதியிருக்கிறீர்கள். வாடிக்கையாளருக்கு 'உஸ்தெத்', அதாவது 'தாங்கள்', போட்டுத்தான் எழுத வேண்டும். எங்கள் ஊரில் நாய்க்குக்கூட 'உஸ்தெத்' போட்டுத்தான் பேசுவோம்."

"எனக்கு ஆரும் அப்பிடிப் பேசேல்லை," என்றார் அவர், தமிழில், என்னைப் பார்த்து. "ஆறு வருசமும் கழுவு, ஓடு, வாயை மூடு, இதுதான். நான் வேறை எங்கை படிக்கிறது?"

நான் சிரிப்பதற்காகத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். அரை நிமிடம்தான். 'மாரடைப்பாய் இருக்கும்' என்று அவர் சொன்னது நினைவுக்கு வர, சிரித்தே விட்டேன்.

நல்ல வேளை, பழைய பதிலைத் திருத்த முடிந்தது. கொலம்பியாக்காரி சொல்லச் சொல்ல அவர் எழுத்துக் கூட்டி அடித்தார். மதிப்புக்குரிய அம்மணி, தங்கள் அன்பான வார்த்தைகளுக்கு மனமார்ந்த நன்றி. நண்டுக்கறி தங்கள் தந்தைக்குப் பிடித்திருந்தது அறிந்து மகிழ்கிறோம். முந்தைய பதிலில் நேர்ந்த தவறுக்குத் தங்களின் மன்னிப்பைக் கோருகிறோம். தங்கள் இருவரையும் மீண்டும் வரவேற்பது எங்களுக்குப் பெருமகிழ்ச்சி. ஒவ்வொரு வரியையும் அவர் இரண்டு தரம் உரக்க வாசித்தார். "இது நல்லாயிருக்கு," என்றார், தானே யோசித்து எழுதியவர்போல.

ஆனால் பதில் போட்ட உடனேயே வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் போய்விடும் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. இணையப் பக்கத்தில்தான் திருத்தலாம், போன மின்னஞ்சலைத் திருப்பி எடுக்க ஏலாது.

சனிக்கிழமை மத்தியானம் கதவு திறந்தது. அந்தப் பெண்ணும், அவளுக்கு முன்னால் தொப்பியைக் கையில் பிடித்தபடி தகப்பனும் வந்தார்கள். கிழவர் நேரே என் கணவரிடம் நடந்து போய்த் தலை குனிந்து வணங்கினார்.

"செத்தவன் வந்திருக்கிறேன்," என்றார் ஸ்பானிஷில். மகள் அதை எனக்கு ஆங்கிலத்தில் சொல்வதற்குள் சிரிப்பில் வார்த்தை உடைந்தது. கிழவர் விடவில்லை: "நீங்கள்தானா எனக்கு இரங்கல் எழுதினீர்கள்? என் அண்ணன் செத்தபோதுகூட யாரும் நண்டைப் பற்றி எழுதவில்லை."

என் கணவருக்குத் தெரிந்த ஸ்பானிஷ் முழுவதும் அந்த நேரம் எங்கோ ஓடிவிட்டது. காது சிவக்க நின்று, கடைசியில் கொலம்பியாக்காரி சொல்லிக்கொடுத்த பதிலை 'மதிப்புக்குரிய அம்மணி' தொடங்கி முடிவுவரை கிழவருக்கு மனப்பாடமாய் ஒப்புவித்தார். கிழவர் ஒரு சொல் விடாமல் கேட்டார். பிறகு நண்டும் அப்பமும் கேட்டார். அன்றும் இரண்டு தரம் திரும்ப வாங்கினார்.

மகள் தன் விமர்சனத்தில் ஒரு வரி சேர்த்தாள்: 'அப்பா நலமாக இருக்கிறார், மறுபடியும் போனோம்.' அதற்குக் கீழே எங்கள் மரியாதையான பதில் இன்னும் நிற்கிறது. அதை என் கணவர் வருகிற எல்லாருக்கும் காட்டுகிறார், முழுக்கத் தன்னுடைய கைவண்ணம் என்று. சலூன்காரி கடைக்குள் இருந்தால் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்.

மச்சாளிடம் நடந்ததைச் சொன்னேன். ஆள் உயிரோடிருக்கிறார் என்றதும் குரலில் ஒரு சோர்வு. "அப்ப கவுன்சில் வரேல்லையே?" என்று மட்டும் கேட்டாள்.