டம்மி குரலுக்கு ஏற்றபடி

சேலத்தில் ஒரு டயர் கடையின் மாடியில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து அனிமேஷன் படங்கள் செய்கிறோம். இயக்குவது திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வரும் ஒரு நண்பர். படங்களை அசைய வைப்பது இன்னொருவர். ஒலி முழுக்க என் பொறுப்பு. பெரும்பாலும் நூற்பாலை, கோழிப்பண்ணை விளம்பரங்கள்தான். எப்போதாவது கதை சொல்கிற வேலை வரும்.

அப்படி வந்ததுதான் அந்தப் படம். நாமக்கல்லில் லாரித் தொழிலில் இருக்கும் சிலர் சேர்ந்து, ஓட்டுநர்களுக்கான கண் பரிசோதனை முகாம்களில் போட்டுக் காட்ட ஒரு படம் கேட்டார்கள். தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டக் கூடாது என்பதுதான் செய்தி. வடக்கே லோடு ஏற்றிப் போன ஒருவரும் ஊரிலிருக்கும் அவர் மனைவியும். பேச்சு முக்கால்வாசி மனைவியுடையது.

அனிமேஷனில் முதலில் ஒரு வரைவு செய்வோம். அசையாத படங்களை வரிசையாக ஒட்டி, வசனத்தை அதன்மேல் போட்டு, எந்தக் காட்சி எத்தனை வினாடி என்று பார்ப்பது. அதற்கு ஏதாவது ஒரு குரல் வேண்டும். முன்பெல்லாம் நாங்களே மாற்றி மாற்றிப் பேசிப் போட்டுக்கொள்வோம். இந்தமுறை எழுத்தைக் கொடுத்தால் பேசித் தருகிற மென்பொருளில் ஒரு பெண் குரலைத் தேர்ந்தெடுத்தேன். டம்மி குரல் என்று அதற்குப் பெயர் வைத்தோம். நிஜமான நடிகர் வந்து பேசியதும் அழித்துவிடுவதாக ஏற்பாடு. இலவசமாகக் கிடைத்த வடிவம் அது. வெளியிடும் படங்களில் பயன்படுத்தக் கூடாது என்று அதிலேயே எழுதியிருந்தது. வெளியிடப் போவதில்லையே என்று நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் குரலுக்கு எங்கள் பக்கத்துப் பேச்சு வரவில்லை. 'ஏனுங்க' என்று எழுதினால் அதட்டுவதுபோல் வந்தது. 'நிறுத்திப்போடுங்க' என்பதை இரண்டாக உடைத்து, எதையோ நிறுத்திவிட்டு வேறெதையோ கீழே போடச் சொல்வதுபோல் சொன்னது. நான் எழுத்துக்கூட்டலைக் கோணலாக்கிப் பார்த்தேன், இடையில் காற்புள்ளி வைத்து இடைவெளி வரவழைத்தேன். சரிப்படாத இடங்களில் வார்த்தையையே மாற்றினேன். 'நிறுத்திடுங்க' என்று போட்டதும் வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு வாரத்தில் வசனம் பாதி வேறாகிவிட்டிருந்தது. இயந்திரத்துக்கு வசதியாக நான்தான் மாற்றினேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முகாம் தேதி நெருங்கியது. குரல் பதிவு முடிந்த பிறகுதான் வாயசைவு செய்ய வேண்டும், அதுதான் முறை. ஆனால் நண்பர், "எப்படியும் இதே நீளந்தானே பேசப்போறாங்க, ஆரம்பிச்சுரலாம்" என்றார். மனைவியின் முகம் தெரிகிற காட்சிகளுக்கெல்லாம் டம்மி குரலை வைத்தே வாயசைவு போட ஆரம்பித்தோம். நாங்கள் அந்தக் குரலைத் தினமும் ஐம்பது தடவையாவது கேட்டிருப்போம். அது நன்றாக இருப்பதாகவே தோன்ற ஆரம்பித்துவிட்டது.

பேசுவதற்கு எருமப்பட்டியிலிருந்து ஒரு அக்காவை வரவழைத்தோம். நாற்பத்தைந்து வயதிருக்கும். குடும்பத்துக்குத் தோட்டம் இருந்தது. அதோடு பல வருடங்களாக ஆட்டோ விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்து வந்தவர். ஆடித் தள்ளுபடி, புதிய கிளை திறப்பு என்று நாமக்கல் தெருக்களில் ஒலிபெருக்கி வழியே அவர் குரலைக் கேட்காதவர்கள் குறைவு.

ஹெட்போனை மாட்டிக்கொண்டார். நான் டம்மி குரலை ஓட விட்டேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, கழற்றி மடியில் வைத்தார்.

"இவளெ எனக்குத் தெரியுமுங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "இது கம்ப்யூட்டர் குரல்ங்க்கா."

"அதான் சொல்றேன் கண்ணு. போன தைக்கப்புறம் என்னெ ஒருத்தரும் கூப்புடறதில்லீங்க. எல்லா ஆட்டோவுலயும் இவதான் பேசீட்டுப் போறா. எங்கூட்டு வாசல்லயே போறா." சிரித்தார். "இப்ப இவ மாதிரி நான் பேசோணுமாக்கு?"

"மாதிரி எல்லாம் வேண்டாங்க்கா. நீளத்துக்காக மட்டுந்தான்" என்றேன். அது உண்மை என்றே நினைத்துச் சொன்னேன்.

பேச ஆரம்பித்தார். முதல் வரியிலேயே நான் வேலையை மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தாளில் இருந்த 'நிறுத்திடுங்க' அவர் வாயில் தானாகவே 'நிறுத்திப்போடுங்க' ஆனது. வார்த்தைக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு, புருசனிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற ஒரு நிறுத்தம். எல்லாம் சரி. படத்தில் இருந்த பெண்ணோ அவருக்கு முன்பே வாயை மூடிவிட்டாள்.

"இன்னொருக்கா போலாங்க்கா, கொஞ்சம் சீக்கிரமா" என்றார் நண்பர் பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப்பக்கத்திலிருந்து.

அடுத்ததும் நீளம். அதற்கடுத்தது நீளம் சரி, ஆனால் செய்தி வாசிப்பதுபோல் இருந்தது. நண்பர் டம்மியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டச் சொன்னார். "பாருங்க, இந்த எடத்துல இவ ஏத்தறா பாருங்க, அதேதான் வேணும்." ஒவ்வொரு வரிக்கும் பத்து, பதினைந்து தடவை. மத்தியானத்துக்குமேல் அந்த அக்காவின் தொண்டை கட்டிக்கொண்டது. வெந்நீர் வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "அவளுக்குத் தண்ணி கிண்ணி வேண்டியதில்ல பாருங்க" என்றார். அப்போது சிரிக்கவில்லை.

முகம் தெரிகிற காட்சிகளை ஒருவழியாக முடித்தோம். மிச்சமிருந்தது டீக்கடைக் காட்சி. ஓட்டுநர் வண்டியை விட்டு இறங்கி டீ குடிக்கும்போது வீட்டிலிருந்து போன் வருகிறது. திரையில் அவர் கையும் டீ கிளாசும் மட்டும்தான். மனைவியின் குரல் போனுக்குள்ளிருந்து கேட்கும். "ஏனுங்க, கண்ணு சொக்குச்சுன்னா ஓரமா நிறுத்திப்போட்டு ஒறங்குங்க. சரக்கு ஒரு நாளு கழிச்சுப் போனாத்தான் என்ன?" படத்தின் உயிரே அந்த வரிதான்.

அந்த அக்கா அதை ஒரே ஒருதரம் பேசினார். 'என்ன' என்பதற்கு முன் குரல் உடைந்து ஒரு மூச்சு வந்தது. காட்சியின் நீளத்தைவிட ஒன்றரை வினாடி அதிகம். மறுபடி பேசத் தொண்டை இடம் கொடுக்கவில்லை. போதும் என்று அனுப்பி வைத்தோம்.

மறுநாள் அந்த இடத்தை ஒட்டும்போது நண்பர் தலையை ஆட்டினார். "அழுவாச்சியா இருக்குது. டம்மியே இங்க நல்லாருக்குது. அதையே வெச்சுரு. போன் எஃபெக்ட் போட்டா ஆருக்குத் தெரியப்போவுது?"

தெரியாதுதான். போன் சத்தத்துக்காக கீச்சு ஒலியையும் கனத்த ஒலியையும் வெட்டிவிட்டால் எந்தக் குரலும் ஏறக்குறைய ஒன்றுபோல்தான் கேட்கும். வேண்டாம் என்று நான் ஒரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லவில்லை. தேதி, களைப்பு என்று காரணங்கள் உண்டு. ஆனால் டம்மியைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அது பிடித்திருந்தது என்பதுதான் நிஜம். விட்டுவிட்டேன்.

படத்தை முதலில் நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டுக் காட்டினார்கள். அந்த அக்கா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் குரல் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். டீக்கடைக் காட்சி வந்தது. கை மெல்ல விலகியது. கடைசியில் பெயர்கள் ஓடின. 'மனைவியின் குரல்' என்று அவர் பெயர் மட்டும் தனியாக வந்தது. கூட்டம் கை தட்டியது.

வெளியே டீ கொடுக்கிற இடத்தில் என்னை ஓரமாக அழைத்தார்.

"அந்தப் போன் பேச்சு நான் பேசுனதில்லீங்களே, கண்ணு."

போன் எஃபெக்டில் அப்படித்தான் மாறும் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. "இல்லீங்க்கா" என்றேன்.

"அவதானுங்க?"

"ஆமாங்க்கா."

டீயை ஒரு மிடறு குடித்தார். "அவ பேசுனதுக்கு என்ற பேரெப் போட்டிருக்கறீங்க. என்ற பொழப்பு அவகிட்டப் போச்சு, சரி. இப்ப அவ பேச்சு என்ற கணக்குலயா?" கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள். "சந்தோசமுங்க, சந்தோசமுங்க" என்று அவர்களுக்குக் கும்பிடு போட்டார்.

அன்று சாயங்காலமே நண்பரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவரிடம் போட்டது கொஞ்சம், என்னையே திட்டிக்கொண்டது மிச்சம். அந்தக் குரலை வெளியிடவே நமக்கு உரிமை இல்லை என்றதும் அவர் பேச்சு நின்றது. டீக்கடைக் காட்சியை நீட்ட எவ்வளவு வேலையாகும் என்று அனிமேஷன் செய்பவரிடம் கேட்டோம். அவர் விழித்தார். "அதுல வாயசைவே இல்லியே. டீ ஆவி இன்னும் ஒன்றரை செகண்ட் ஓடணும், அவ்ளோதானே? அரைமணி நேரம் போதும். அன்னிக்கே கேட்டிருக்கலாமே."

அன்றைக்கு யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. குரல்தான் படத்துக்குள் அடங்க வேண்டும் என்றே மூன்று பேரும் இருந்துவிட்டோம்.

மாற்றுவதற்கு முன் அந்த அக்காவிடம் கேட்டுவிட வேண்டும் என்று போன் செய்தேன். வருவார் என்று நினைக்கவில்லை. இரண்டு நாள் கழித்துச் சேந்தமங்கலத்தில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு, பஸ் மாறிச் சேலம் வந்தார். அவர் பேசியதை வைத்து, நீட்டிய காட்சியைப் போட்டுக் காட்டினேன். ஏனுங்க என்று அவர் குரல் ஆரம்பித்தது. என் கண் கலங்கிவிட்டது. அவரைப் பார்த்தேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடைசீல மூச்சு வாங்கறேனுங்களே. அதெ எடுத்துப்போட முடியுமா?"

"அதுதாங்க்கா அழகே. இருக்கட்டும்."

"இல்லீங்க, எடுத்துப்போடுங்க. இளைப்பு வந்தவளாட்ட இருக்குது. கேக்கறவங்களுக்கு இப்பெல்லாம் அவளெக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போச்சு. இப்புடி இருந்தா அடுத்த வேலைக்கு ஆரு கூப்புடுவா?"

நான் ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். நாங்கள் கூப்பிடுவோம் என்றேன். வருடத்துக்கு ஒரு கதைப்படம்கூட வராத இடம் எங்களுடையது என்பது அவருக்குத் தெரியும். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என்ற கொரலுதானுங்களே. எடுங்க சாமி" என்றார்.

அதற்குமேல் மறுக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? திரையில் தெரிகிற ஒலியின் அலைவடிவத்தில் அந்த மூச்சு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்து வெட்டினேன். இரண்டு முனையும் ஒட்டிய தடம் தெரியாமல் இழைத்தேன். மறுபடி ஓட விட்டேன். 'கழிச்சுப் போனாத்தான் என்ன' என்று சுத்தமாக வந்தது.

"இப்பச் சரியா இருக்குதுங்க" என்றார். முகத்தில் மெய்யாகவே நிம்மதி தெரிந்தது. வாங்கி வந்திருந்த பலகாரப் பொட்டலத்தை என் மேசையில் வைத்துவிட்டு, நாமக்கல் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று படியிறங்கினார். "வாரேன் கண்ணு."

முகாம்களில் இப்போது ஓடுவது அந்த வடிவம்தான். வெட்டிய மூச்சை நான் அழிக்கவில்லை. தனிக் கோப்பாக என் கணினியில் இருக்கிறது. அவரைக் கேட்காமல்தான் வைத்திருக்கிறேன். அது சரியா என்று எனக்குத் தெரியவில்லை.